கோல்டு ரூமின் கணக்கு கதவில் தொடங்குகிறது

கேள்வி: "ஐயா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் தம்பியும் நறுக்கிய காய்கறி, பனீர், தயிர், பலாச்சுளை தயார் செய்து புதுச்சேரி ஓட்டல்களுக்குக் கொடுக்கிறோம். தினமும் சுமார் 400 கிலோ வந்து போகிறது. ஃப்ரிட்ஜ்கள் போதவில்லை. 10 அடிக்கு 8 அடி, 8 அடி உயரத்தில் ஒரு கோல்டு ரூம் போடப் போகிறோம். போட்டுத் தருகிறவர் இரண்டரை டன் சரக்கு கொள்ளும், ஒன்றரை டன் ஏசி கம்ப்ரஸர் போதும் என்கிறார். தம்பியோ மூன்று டன் போட்டால் சீக்கிரம் குளிரும் என்கிறான். முழுக் காய்கறியையும் அதிலேயே வைக்க ஆசை. பையன்கள் நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடுவார்கள். தெரிந்த கடைக்காரர் ரூமில் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டி, வாரம் ஒரு முறை வெந்நீர் ஊற்றுகிறார். எங்களுக்கும் அப்படி ஆகாமல் இருக்க இப்போதே என்ன பார்க்க வேண்டும்?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

அன்புள்ள வாசகருக்கு,

கம்ப்ரஸர் எத்தனை டன் என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் ஊரில் கோல்டு ரூமுக்கு முதல் எதிரி வெயில் அல்ல, காற்றிலுள்ள ஈரம். அது சுவர் வழியாக வருவதில்லை, கதவு வழியாக வருகிறது. எத்தனை வாட் இயந்திரம், ரேக்கை எங்கே நிறுத்துவது, காயிலில் கட்டும் ஐஸைக் கரைக்கும் டீஃப்ராஸ்ட் எத்தனை முறை என்ற மூன்றுக்கும் பதில் அந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு சரக்கு கொள்ளும்

இரண்டரை டன் என்பது அறையைத் தரையிலிருந்து கூரை வரை மூட்டை அடுக்கினால் வரும் கணக்கு. நீங்கள் உள்ளே நடந்து போய் எடுக்க வேண்டும், காற்றும் சுற்ற வேண்டும். உங்கள் அளவிலேயே போட்டுப் பார்ப்போம். 8 அடி சுவரின் நடுவில் கதவு. இரண்டு 10 அடிச் சுவர்களை ஒட்டி 2 அடி ஆழ ரேக். ரேக்குக்கும் சுவருக்கும் நான்கு அங்குல இடைவெளி. நடுவில் மூன்றேகால் அடிக்குச் சற்று அதிகமாக நடைபாதை மிஞ்சும். 600க்கு 400 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கிரேட்டின் நீளப்பக்கத்தை உள்நோக்கி வைத்தால் ஒரு தட்டில் 7 கிரேட் நிற்கும். பக்கத்துக்கு 4 தட்டு, இரண்டு பக்கம் சேர்த்து 56 கிரேட். நறுக்கிய காயும் பனீரும் கலந்து கிரேட்டுக்குச் சராசரி 15 கிலோ என்றால் 840 கிலோ. அதாவது உங்களுடைய இரண்டு நாள் சரக்கு. தினமும் வாங்கித் தினமும் அனுப்புகிற உங்கள் தொழிலுக்கு இது போதும். ஒரு வாரச் சரக்கைத் தேக்கி வைக்கும் எண்ணம் இருந்தால் இந்த அறை போதாது.

இந்தக் கணக்கு உள் அளவுக்கானது. விலைப்பட்டியலில் பெரும்பாலும் வெளி அளவைத்தான் எழுதுவார்கள். வெப்பத்தைத் தடுக்கும் 80 மில்லிமீட்டர் பஃப் பேனல் சுவர் இரு பக்கமும் சேர்ந்து அரை அடியைத் தின்றுவிடும். அந்த அரை அடி உங்கள் நடைபாதையிலிருந்துதான் போகும். "உள் அளவு 10 அடிக்கு 8 அடி" என்று எழுதி வாங்குங்கள்.

முழுக் காய்கறி எல்லாவற்றையும் இதிலேயே வைக்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். அதில் கவனம் தேவை. பனீருக்கும் தயிருக்கும் நறுக்கிய காய்க்கும் 2 முதல் 4 டிகிரி சரியானது. ஆனால் கத்தரி, வெண்டை, வெள்ளரி, பழுக்காத தக்காளி, வாழை இவை அந்தக் குளிரில் நாளடைவில் கெடும். வாழைத் தோல் கறுக்கும், வெள்ளரியில் நீர் கோத்துக் குழி விழும், தக்காளி பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. பண்ருட்டியிலிருந்து வரும் முழுப் பலாவும் அப்படித்தான். இவற்றை நறுக்கும் வரை நிழலான, காற்றோட்டமுள்ள அறையில் வைத்து, நறுக்கிய பிறகு உள்ளே கொண்டுபோங்கள். பலாச்சுளையை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் மட்டுமே வையுங்கள். பனீரும் தயிரும் அதன் வாசனையை ஒரே இரவில் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு குளிர்விக்க வேண்டும்

ஒரு நாளில் அறைக்குள் நுழையும் வெப்பத்தை ஐந்தாகப் பிரித்துப் பார்க்கலாம். வெளியே 38 டிகிரி, உள்ளே 3 டிகிரி என்று வைத்தால் சுவர், கூரை, தரை வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 10 யூனிட், அதாவது 10 கிலோவாட்-மணி அளவு வெப்பம் வரும். 400 கிலோ சரக்கை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க 11 யூனிட். காய்கறி தானே சுவாசித்து விடும் வெப்பம் ஒரு யூனிட். உள்ளே ஓடும் ஃபேன், விளக்கு, ஆள் நடமாட்டம் சேர்த்து 5 யூனிட். மிச்சம் கதவு. ஒழுங்காகப் பயன்படுத்தினால் 9 யூனிட், எப்போதும் திறந்து கிடந்தால் 18 யூனிட்.

இவை நீக்க வேண்டிய வெப்பம்தான், மின் கட்டணக் கணக்கு அல்ல. கூட்டிப் பத்து சதவீதம் சேர்த்தால் ஒழுங்கான கதவுக்கு 40, ஒழுங்கில்லாத கதவுக்கு 50. இயந்திரம் 24 மணி நேரமும் ஓடுவதாகக் கணக்கிடக் கூடாது. டீஃப்ராஸ்டுக்கு நேரம் வேண்டும், கரண்ட் போய் வந்தபின் மீண்டும் குளிர்விக்கவும் கையிருப்பு வேண்டும். 16 மணி நேர ஓட்டத்துக்குப் பிரித்தால் முதல் கணக்கில் 2.5 கிலோவாட், இரண்டாவதில் 3.1 கிலோவாட். உங்கள் பையன்களின் பழக்கத்தை மனதில் வைத்து 3 கிலோவாட்டுக்குச் சற்று மேலே கேளுங்கள்.

ஒன்றரை டன் ஏசி என்றால் 5 கிலோவாட்டுக்கு மேல், தாராளமாக இருக்குமே என்று தோன்றும். அந்த 5 கிலோவாட், காயில் சுமார் 7 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. 3 டிகிரி அறையைக் காக்கக் காயில் மைனஸ் 3, மைனஸ் 4 வரை போக வேண்டும். அங்கே அதே கம்ப்ரஸரின் திறன் வெகுவாகக் குறையும். அந்த வேலைக்காகச் செய்யப்படாததால் அது சூடேறிச் சீக்கிரம் கெடும். ஆகவே டன் கணக்கைக் கேட்காதீர்கள். "காயில் மைனஸ் 5 டிகிரி, வெளிக்காற்று 43 டிகிரி, இந்த நிலையில் எத்தனை வாட்?" என்று கேட்டு, தயாரிப்பாளர் அட்டவணையிலிருந்தே பதிலைக் காட்டச் சொல்லுங்கள்.

தம்பி சொல்லும் பெரிய இயந்திரமும் தீர்வல்ல. வெளியே பெரிய கம்ப்ரஸர், உள்ளே சிறிய காயில் என்று அமைந்தால் காயில் தேவைக்கு மேல் குளிரும். காற்றிலுள்ள ஈரத்தை அளவுக்கு மீறி இழுக்கும். கீரை வாடும், காயிலில் ஐஸ் கூடும். இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும். காய்கறிக்கு அறை வெப்பநிலைக்கும் காயில் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் 6, 7 டிகிரிக்குள் இருப்பது நல்லது. எனவே பணத்தைக் கூடுதலாகப் போடுவதானால் கம்ப்ரஸரில் போடாமல் உள்ளே பெரிய காயிலாகப் போடுங்கள்.

கதவு வழியாக வரும் தண்ணீர்

இதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கச் சொல்கிறேன். கடலூரில் மதியம் 35 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் தண்ணீர் இருக்கிறது. விடிகாலையில் 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அப்போதும் அதே 22 கிராம். காலையில் குளிர்ச்சியாக இருக்கிறது, கதவு திறந்து கிடந்தால் பரவாயில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஈரத்தைப் பொறுத்தவரை காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசமே இல்லை. அறைக்குள் 3 டிகிரிக் காற்றில் சுமார் 5 கிராம்தான் நிற்கும். மீதி 17 கிராமும் காயிலில் போய் ஐஸாக ஒட்டுகிறது.

உங்கள் அறையின் கொள்ளளவு 18 கன மீட்டர். குளிர்காற்று கனமானது. கதவைத் திறந்ததும் அது காலடி வழியாக வெளியே வழியும், அந்த இடத்துக்கு வெளிக்காற்று மேல்பாதி வழியாக நுழையும். 3 அடி அகலக் கதவு முழுதாகத் திறந்து கிடந்தால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் அறைக் காற்றில் பெரும்பகுதி மாறிவிடும். சாதாரணப் பயன்பாட்டில் ஒரு நாளைக்கு இருபது இருபத்திரண்டு முறை இப்படி மாறுவதாக எடுத்துக்கொண்டால் 400 கன மீட்டர் காற்று. அதில் வருவது கிட்டத்தட்ட 7 லிட்டர் தண்ணீர். கதவு விஷயத்தில் கவனமில்லை என்றால் 14 லிட்டர். அந்தக் கடைக்காரர் வெந்நீர் ஊற்றுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைக் கரைக்கத்தான்.

பையன்களைத் திட்டி இதை மாற்ற முடியாது. வேலை நடக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு முறை உள்ளே போகாமல், வெளியே ஒரு பலகையில் பட்டியல் எழுதி, சக்கர டிராலியில் மொத்தமாக எடுத்து வரும்படி செய்யுங்கள். சரக்கு இறங்கும்போது கதவுக்கு வெளியே அடுக்கிவிட்டு ஒரே மூச்சில் உள்ளே தள்ளட்டும். எடை போடும் தராசு, லேபிள், டேப் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அவை உள்ளே இருந்தால் ஆளும் உள்ளேயே நிற்பார், கதவும் திறந்தே இருக்கும்.

பிவிசி திரைப் பட்டைகள் கட்டாயம் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று பாதியளவு படிய வேண்டும், தரையைத் தொடும் நீளம் வேண்டும். முகத்தில் அடிக்கிறது என்று ஒரு மாதத்தில் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள். பட்டையில் அழுக்கு ஏறி மறுபக்கம் தெரியாமல் போவதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் துடைத்தால் கட்ட மாட்டார்கள். கதவு தானாக மூடும் குளோசரும், உள்ளிருந்து திறக்கும் அவசரக் கைப்பிடியும் இருக்க வேண்டும். உள்கைப்பிடி உயிர் காக்கும் விஷயம், அது இல்லாத கதவை ஏற்காதீர்கள்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டை மாதம் ஒரு முறை சோதியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எங்கே எளிதாக வந்துவிடுகிறதோ அங்கே காற்று கசிகிறது. கதவின் கீழ் மூலையில் வியர்த்துத் தண்ணீர் நின்றாலும் அதே பொருள்தான்.

ரேக்

கடற்கரை ஊரில் பெயின்ட் அடித்த இரும்பு ஆங்கிள் உள்ளே ஒரு வருடம் கூடத் தாங்காது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் தட்டு ரேக் வாங்குங்கள். மரப்பலகை வேண்டாம், பூசணம் பிடிக்கும். தட்டு கம்பி வலையாகவோ துளையுள்ளதாகவோ இருக்க வேண்டும். தகடு போட்டு மூடினால் மேல் தட்டு குளிரும், கீழ்த் தட்டுக் கிரேட்டின் நடுப்பகுதி இரவு முழுக்க 10 டிகிரியிலேயே நிற்கும்.

கீழ்த் தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். தட்டுக்குத் தட்டு 40 சென்டிமீட்டர் விட்டால் 30 சென்டிமீட்டர் கிரேட்டின் மேல் காற்று போக இடம் கிடைக்கும். நான்கு தட்டு முடிந்தபின் கூரைக்குக் கீழே இரண்டடிக்கு மேல் காலியாக இருக்கும். அதைப் பார்த்ததும் ஐந்தாவது வரிசை அடுக்கத் தோன்றும். அடுக்காதீர்கள். கூலிங் யூனிட் வீசும் காற்று அந்த இடத்தில்தான் அறையின் மறுமுனை வரை போகிறது. யூனிட்டைக் கதவுக்கு எதிர்ச் சுவரில், நடைபாதைக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். கதவுக்கு நேர் மேலே மாட்டினால் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றை அதுவே உறிஞ்சும்.

இன்று சூடாக வந்த சரக்கையும் நேற்றைய குளிர்ந்த சரக்கையும் தனித்தனிப் பக்கமாக வையுங்கள். காய்ச்சிய பாலை ஆவியோடு உள்ளே வைக்கக் கூடாது. அந்த ஆவியும் காயிலுக்குத்தான் போகும். கழுவிய காயை நன்றாக நீர் வடியவிட்ட பிறகே உள்ளே அனுப்புங்கள்.

ஐஸ் கட்டாமல் இருக்க

3 டிகிரி அறைக்கு ஹீட்டர் தேவையில்லை. கம்ப்ரஸர் நிற்கும், உள் ஃபேன் மட்டும் ஓடும். அறையின் 3 டிகிரிக் காற்றே காயிலின் மேல் ஓடி ஐஸைக் கரைக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, 30 நிமிடம் என்று தொடங்குங்கள். பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் திரையில் இடைவெளி `IdF` என்றும் அதிகபட்ச நேரம் `MdF` என்றும் தெரியும். முதலாவதில் 6, இரண்டாவதில் 30 வையுங்கள். டீஃப்ராஸ்டின்போது ஃபேன் ஓடும்படி அமைத்திருக்கிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள். பெட்டியை ஃப்ரீஸர் அமைப்பிலேயே விட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. அதில் ஃபேனும் நின்றுவிடும், ஐஸ் கரையவே கரையாது. அறையை 1 டிகிரியில் வைத்தாலும் இந்த முறை வேலை செய்யாது. அப்போது ஹீட்டர் வைத்த காயில் வேண்டும். வெயில் காலத்தில் கூடுதலாகக் குளிரட்டும் என்று யாராவது பட்டனைக் குறைத்து வைத்த நாளிலிருந்து ஐஸ் தொடங்கியிருக்கும்.

கடிகாரம் உள்ள பெட்டி கிடைத்தால் நல்லது. வெறும் இடைவெளியை எண்ணும் பெட்டிகளில் சில, கரண்ட் போய் வந்ததும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். டீஃப்ராஸ்ட் நேரம் நகர்ந்து நகர்ந்து சரக்கு இறங்கும் நேரத்தோடு மோதும். சரக்கு காலை 6 மணிக்கு வருவதானால் அதிகாலை 4.30, காலை 10.30, மாலை 4.30, இரவு 10.30 என்று வையுங்கள். காயில் சுத்தமாக இருக்கும்போது சூடான சரக்கு உள்ளே வரும்.

எத்தனை முறை வேண்டும் என்று சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. வடிநீர்க் குழாயின் முனையில் ஒரு வாளி வைத்து 24 மணி நேரத் தண்ணீரை அளந்து பாருங்கள். கதவு வழி வருவதோடு காய்கறி விடும் ஈரமும் இரண்டு மூன்று லிட்டர் சேரும். பத்து லிட்டருக்குள் இருந்தால் சரி. பதினைந்தைத் தாண்டினால் டீஃப்ராஸ்டைக் கூட்டும் முன் கதவைச் சரிசெய்யுங்கள். வாளியில் தண்ணீர் குறைவு, ஆனால் காயிலில் ஐஸ் வளர்கிறது என்றால் கரைதல் முழுமையாக நடக்கவில்லை, அல்லது குழாய் அடைத்திருக்கிறது.

ஐஸ் கட்டியிருக்கும் இடமும் காரணத்தைச் சொல்லும். காயில் முழுக்க மெல்லிய வெண்படலம் சீராக இருப்பது இயல்பு. கேஸ் நுழையும் ஒரு மூலையில் மட்டும் தடித்து, மற்ற இடம் காய்ந்திருந்தால் கேஸ் குறைந்திருக்கிறது அல்லது காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு சரியாக விடவில்லை. அடிப்பகுதியில் கண்ணாடிபோல் கெட்டியாக இருந்தால் கரைந்த நீர் வடியாமல் மீண்டும் உறைகிறது. முழுக் காயிலும் தடிப்பாக மூடியிருந்தால் கதவையும் டீஃப்ராஸ்டையும் பாருங்கள். எந்த நிலையிலும் கத்தியால் சுரண்டாதீர்கள், காயில் ஓட்டையானால் கேஸ் முழுதும் போய்விடும். சரக்கை வெளியே எடுத்து, கம்ப்ரஸரை நிறுத்தி, ஃபேனை ஓடவிட்டால் சில மணி நேரத்தில் தானே கரையும்.

வடிநீர்க் குழாய் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல், நல்ல சரிவோடு வெளியே வர வேண்டும். அறைக்கு வெளியே அதில் யு வளைவு ஒன்று அவசியம். வளைவில் நிற்கும் தண்ணீர்தான் வெளிக்காற்றைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் கதவை எவ்வளவு ஒழுங்காக மூடினாலும் ஃபேன் அந்தக் குழாய் வழியே ஈரக்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

விலைப்பட்டியலில் எழுதி வாங்க வேண்டியவை

உள் அளவு, பேனல் தடிமன் 80 மில்லிமீட்டர், தரைக்கும் அதே பேனல். சொன்ன நிலையில் வாட் திறன், காயிலின் திறன் தனியாக. கரண்ட் வந்ததும் கம்ப்ரஸர் மூன்று நிமிடம் பொறுத்து ஓடும் அமைப்பு. வெளி யூனிட்டின் தகடுகளுக்கு உப்புக்காற்று தாங்கும் பூச்சு. அந்த யூனிட்டைத் தரையில் வைக்க வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையில் உங்கள் பகுதியில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு ஓர் அடி மேலே கான்கிரீட் மேடை கட்டி, போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

கடைசித் தவணையைக் காலி அறை குளிர்ந்ததும் கொடுத்துவிடாதீர்கள். காலி அறையை எந்த இயந்திரமும் குளிர்விக்கும். 400 கிலோ சரக்கை உள்ளே வைத்து, வழக்கமான வேலை நடக்கும்போது மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவியை நம்பாமல், கதவோரக் கீழ்த் தட்டுக் கிரேட்டின் நடுவில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள். காலை உள்ளே போன சரக்கு மறுநாள் காலைக்குள் அங்கே 5 டிகிரிக்குக் கீழே வந்திருந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.